நாற்பத்தொன்றாம் கேள்வியின் மூன்றாவது விடை

அச்சகத் தொழிலாளர் சங்க மலருக்காகப் பசையாரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லிச் சங்கச் செயலாளர் வந்தார். "நாலு நல்ல வார்த்தையா எழுதுங்க, முதலாளி. அவரோட இருபத்தாறு வருஷம் இருந்தவர் நீங்கதானே" என்றார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனாலும் எத்தனையோ எம்.ஏ.க்காரர்களின் கையெழுத்துப் பிரதியைத் திருத்திப் புத்தகமாக்கிக் கொடுத்திருக்கிறேன். எழுத எனக்கு யார் தயவும் வேண்டாம். அச்சகத்தில் தரை பெருக்க வந்தவன், பதினெட்டு வருஷத்தில் அதே தெருவில் சொந்தமாக இரண்டு இயந்திரம் போட்டேன். அந்தக் கதை பெரிது. இங்கே பேச்சு பசையாரைப் பற்றி.

பக்கங்களை ஒட்டுவதுதான் அவர் வேலை. கணினி எல்லாம் செய்ய ஆரம்பிக்காத காலம் அது. எழுத்துகளையும் படங்களையும் தனித்தனித் துண்டாக வெட்டி, வெளிச்சப் பலகைமேல் அட்டையை வைத்து, பசை தடவி ஒட்ட வேண்டும். அப்புறம் அதைப் படம் பிடித்துத் தகடு செய்து அச்சடிப்போம். மனிதர் ஒட்டினால் மயிரிழை கோணாது. சட்டை, கைக்குட்டை, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் பசை வாடை. அவர் வீட்டில் எறும்பே வராது, வந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று மெஷின்காரர்கள் கேலி செய்வார்கள். "உங்க வாயைத்தான் ஒருநாள் ஒட்டப் போறேன்" என்பார். அதற்குமேல் கோபப்பட அவருக்குத் தெரியாது.

வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வு அலுவலகத்தின் கேள்வித்தாளை அச்சடிக்கும் ரகசிய வேலை எனக்குக் கிடைத்தது. ஊரில் இன்னும் ஆறு அச்சகம் போட்டி போட்டன. ஆறு பேரும் படித்த முதலாளிகள். கிடைத்தது எனக்கு. கேள்வித்தாள் உள்ளே வந்துவிட்டால் ஒட்டும் அறைக்குத் தனிப் பூட்டு. உள்ளே போகிறவர்கள், சொந்தக்காரர் யாரும் இந்தத் தேர்வு எழுதவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

பசையார் பேனாவை எடுக்கவில்லை. "முதலாளி, என் பொண்ணு இந்தத் தடவை எழுதுறா. அடுத்த வருஷம் வயசு தாண்டிடும். இதுதான் கடைசி. நான் இதுல இருக்கக் கூடாது."

எனக்கு வேறு ஒட்டும் ஆள் கிடையாது. "நீ சொல்லல, நான் கேட்கல. போடுய்யா கையெழுத்தை. உன்னை எனக்குத் தெரியாதா?" என்றேன்.

போட்டார். வேலை நடந்த அந்தப் பத்து நாளும் வீட்டில் மகளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்று அவர் சம்சாரம் பிற்பாடு சொன்னாள். எங்கே வாய் தவறிவிடுமோ என்ற பயம்.

நாற்பத்தொன்றாம் கேள்வி ஒரு படக்கேள்வி. மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டம். எட்டில் வட்டம் இருக்கும், ஒன்பதாவது காலி. ஒவ்வொரு வட்டத்திலும் கால் பாகம் மட்டும் நிரப்பியிருக்கும். முதல் வரிசையில் அந்தக் கால் பாகம் வலது மேல், வலது கீழ், இடது கீழ் என்று கடிகார முள் போகிற பக்கமே நகரும். இரண்டாவது வரிசை வலது கீழில் தொடங்கி இடது கீழ், இடது மேல் என்று போகும். மூன்றாவதில் இடது கீழ், இடது மேல், அப்புறம் காலி. நிரப்பிய விதத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கோடு, புள்ளி, கறுப்பு என மூன்றும் ஒவ்வொரு வரிசையிலும் ஒருமுறைதான் வரும். கடைசி வரிசையில் கறுப்பும் கோடும் வந்துவிட்டன. ஆக, காலிக் கட்டத்துக்கு உரியது வலது மேலில் புள்ளி போட்ட வட்டம். கீழே கொடுத்த நான்கு விடையில் அது மூன்றாவது. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொண்டேன்.

எழுத்தைத் தலைகீழாக ஒட்டினால் பச்சைப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். வட்டத்துக்குத் தலை எது, கால் எது? அதனால் ஒவ்வொரு துண்டின் பின்னாலும் மேல்பக்கத்தில் பசையார் நீலப் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டைப் பார்க்காமல் அவர் பசையைத் தொடமாட்டார்.

பக்கம் முடிந்து, சரிபார்த்து, படம் பிடிக்க எடுத்துப் போகிற நேரம். பசையார் சாப்பிடப் போயிருந்தார். மூன்றாவது விடையின் துண்டு உலர்ந்து கழன்று தரையில் விழுந்தது. படம் பிடிப்பவன் காத்து நின்றான். "அவர் வரட்டும் ஐயா" என்றான். "ஏன், எனக்குக் கை இல்லையா? இந்த ஊருக்கே ஒட்டக் கத்துக் கொடுத்தவன்டா நான்" என்று எடுத்து, ஒரு சொட்டுப் பசை வைத்து ஒட்டினேன். நேராகத்தான் ஒட்டினேன், விளிம்பு கோணவில்லை. பின்னால் திருப்பிப் பார்க்கத்தான் இல்லை. கால் சுற்று திரும்பிவிட்டது. வலது மேலில் இருக்க வேண்டிய புள்ளி வலது கீழுக்கு வந்துவிட்டது. கோடு போட்ட வட்டமாக இருந்திருந்தால் சாய்வு மாறிக் காட்டிக் கொடுத்திருக்கும். புள்ளிக்கு ஏது திசை?

தேர்வு முடிந்த மறுநாள் காலையில் பசையார் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறைக்குள் வந்தார்.

"முதலாளி, நாப்பத்தொண்ணுல விடையே இல்லையாம். பொண்ணு சொல்றா. நாலுல எதுவும் பொருந்தலையாம். வலது மேல, புள்ளிதான்ப்பா வரணும், கொடுத்ததுல இல்லவே இல்லைன்னு விட்டுட்டு வந்துட்டா. ஓரத்துல சரியான விடையை வரைஞ்சும் வெச்சிருக்கா."

பூட்டிய அறையில் இருந்த ஒட்டிய அட்டையை நான் போய்ப் பார்த்தேன். மூன்றாவது துண்டைக் கத்தியால் நெம்பினேன். பின்னால் நீலக் கோடு பக்கவாட்டில் கிடந்தது. திரும்பி வந்து, "எல்லாம் நீ ஒட்டினபடியேதான் இருக்கு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார். "அப்ப நான்தான் எங்கேயோ திருப்பி ஒட்டிட்டேன். கண்ணு போச்சு முதலாளி" என்றார். நான் மறுக்கவில்லை.

முடிவு வந்தது. மகளுக்கு ஒரு மதிப்பெண் குறைவு. ஒன்றும் புரியாமல் குருட்டாம்போக்கில் மூன்று என்று குறித்தவனுக்கெல்லாம் அந்த ஒரு மதிப்பெண் கிடைத்தது. கணக்கைச் சரியாகப் பிடித்தவளுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கேள்வியை நீக்கி எல்லோருக்கும் மதிப்பெண் போட்டால் அவளுக்கு வேலை உண்டு. ஆட்சேபம் எழுதிக் கொடுத்தாள். வரைந்து காட்டிய விடையையும் குறிப்பிட்டாள்.

அதுதான் வினையாகப் போய்விட்டது. தேர்வு அலுவலகத்தில் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தாள்ல இல்லாத படத்தை நீ எப்படிம்மா வரைஞ்சே? கேள்வி தயாரிச்ச நிபுணர் கொடுத்த மூலத்துல அச்சு அசலா அதே படம்தான் இருக்கு. உங்க அப்பா ஒட்டுற அறையில வேலை பாக்கறார். நான் என்னன்னு நினைக்கிறது?"

"வரிசையைப் பாருங்க சார். அதுவே சொல்லுது. யாரும் சொல்லித் தர வேண்டாம். வேற ஒரு கேள்வி கொடுங்க, இங்கேயே போட்டுக் காட்டுறேன்" என்றாள் அவள்.

"இது பரீட்சை ஹால் இல்ல."

பசையார் எழுந்து நின்றார். "ஐயா, நான் அவகிட்ட மூச்சு விடல. அது எந்தப் பிள்ளைக்கும் வரும் ஐயா. கால் கால் சுத்தா நகருது, ஒண்ணு வந்தா மறுபடி வராது..."

"பாத்தீங்களா, மனப்பாடமாச் சொல்றார்" என்றார் அதிகாரி, பக்கத்தில் இருந்தவரிடம்.

பசையார் கை கூப்பினார். "தப்பு என்னுது. நான்தான் திருப்பி ஒட்டினேன். படத்தை அவளுக்குக் காட்டியிருந்தா, அச்சுல தப்பா வர விட்டிருப்பேனா? என்னை என்ன வேணா பண்ணுங்க. பொண்ணை விட்டுடுங்க."

"சொந்தக்காரர் யாரும் எழுதலன்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

அவர் கூப்பிய கையை இறக்கிக்கொண்டார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அதிகாரி என்னிடம் கேட்டார். "நீங்க சொல்லுங்க. இவர் பொண்ணு எழுதுறது உங்களுக்குத் தெரியுமா? இவர் ஒட்டினதுதானா?"

பெரிய மனிதர்களுக்கு முன்னால் நான் வாய் மூடி நின்றதே கிடையாது. மந்திரி வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னவன். அன்றைக்கு, "ஒட்டுற வேலை அவர் பொறுப்பு. மத்தது எனக்குத் தெரியாது" என்றேன். இரண்டே வாக்கியம். முதல் வாக்கியத்தில் பொய் இல்லை என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

வேறு யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று கேள்வியை நீக்கவில்லை. மகளுடைய தேர்வு செல்லாது என்று உத்தரவு வந்தது. பசையார் இனி ரகசிய வேலையைத் தொடக் கூடாது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். ஒப்பந்தம் அடுத்த நான்கு வருஷமும் என்னிடமே இருந்தது.

அவரை நான் வேலையை விட்டு நிறுத்தவில்லை. நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் என்று சில்லறை ஒட்டு கொடுத்தேன். ஒவ்வொரு துண்டையும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்து, பக்கத்தில் இருப்பவனிடமும் காட்டிவிட்டுத்தான் ஒட்டுவார். வேலை பாதியாகக் குறைந்தது. புது ஆட்கள் சிரிப்பார்கள். "கண்ணு போச்சுப்பா" என்று அவரும் சிரிப்பார். மகள் ஒரு துணிக்கடையில் பில் போட்டாள், இன்னும் அதையேதான் செய்கிறாள். அந்த விசாரணைக்கு அப்புறம் அவர் இருந்த வரைக்கும் அப்பாவிடம் தேவைக்குமேல் அவள் பேசவில்லை. தன் கையால்தான் கெட்டது என்று அவர் சொன்னதை அவளும் நம்பிவிட்டாள்.

அவர் ஓய்வு பெற்ற அன்று அவருக்குப் பூமாலை போட்டோம். மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு பேசினார். "நான் பண்ணின தப்புக்கு வேற முதலாளியா இருந்தா அன்னிக்கே வெளியே தள்ளியிருப்பார். இவர் எனக்குச் சோறு போட்டார்." எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன்.

போன மாதம் அவர் போய்விட்டார். மாலையோடு போயிருந்தேன். வாசலில் மகள் நின்றிருந்தாள், தலையில் நரை. "அப்பா கடைசி வரைக்கும் உங்களைத்தான் ஐயா சொல்லிட்டிருந்தார்" என்றாள். இந்தப் பக்கங்களில் உள்ளதை அங்கேயே அவளிடம் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஆள் நின்றார்கள். மாலையை மட்டும் போட்டுவிட்டு வந்தேன்.

செயலாளர் கேட்டது நாலு நல்ல வார்த்தை. பசையார் எதையும் திருப்பி ஒட்டியவர் இல்லை. எழுதியதை அப்படியே அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். துணிக்கடைக்கு ஒரு பிரதி போக வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். நானே கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று மட்டும் என்னால் எழுத முடியவில்லை.