வெள்ளரி வாளி

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் பள்ளியில் சவ்வூடுபரவல் பாடம் நடத்துகிறவன் நான். சுற்றுலா அன்று விடியற்காலையில் நாற்பது வெள்ளரிப் பிஞ்சுகளை நறுக்கி, அப்போதே உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் குலுக்கி, வாளியில் அடைத்து மூடியவனும் நான்தான். இந்த இரண்டு பேருக்கும் அறிமுகமே இல்லை போலிருக்கிறது.

படாளம் பக்கத்திலிருக்கும் எங்கள் பள்ளியிலிருந்து மாமல்லபுரம் போகத் தலைமையாசிரியை ஒரு நிபந்தனை வைத்திருந்தார். பிள்ளைகள் ஒரு பாடமாவது கற்றுக்கொண்டு திரும்ப வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருடத்திலிருந்து சுற்றுலா கிடையாது. கண்காணிக்க அவரும் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு வேகத்தடை. வாளியின் மூடி நழுவி, சிவப்பாக ஒரு தண்ணீர் ஓடி வந்து அவர் செருப்புக்குள் புகுந்தது.

"சார், இது என்ன?" என்றார், காலைத் தூக்கிக்கொண்டே.

"ஸ்நாக்ஸ், மேடம்."

கடற்கரையில் இறங்கி வாளியைத் திறந்தோம். வெயிலில் வெந்த வாடை முகத்தில் அறைந்தது. கால்வாசி வாளி தண்ணீர். அதன் மேல் மிளகாய்த்தூள் படலம் கட்டியிருந்தது. துண்டுகள் துவண்டு, வழுவழுவென்று, மூக்கு சிந்திய கைக்குட்டைபோல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். கெட்டுப்போகவில்லை என்று நிரூபிக்க ஒரு துண்டை வாயில் போட்டேன். கடிக்க அது எதுவும் மிச்சம் வைக்கவில்லை. நாக்கில் தானாக நகர்ந்தது. துப்பவும் முடியாமல், நாற்பது ஜோடிக் கண்கள் பார்க்க விழுங்கினேன்.

பக்கத்தில் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னா சார், காலைலயே உப்பு போட்டியா? தண்ணி வுட்டுக்கும்னு தெரியாதா? நான்லாம் கைல குடுக்கசொல்லதான் தூவுவேன். நீ இன்னா வேல பாக்குற?"

"சயின்ஸ் வாத்தியார்" என்று ஒரு மாணவி என்னைக் காட்டிக்கொடுத்தாள். அதோடு நிற்கவில்லை. "சார், செறிவு அதிகமா இருக்குற எடத்துலேர்ந்து கொறவான எடத்துக்குத் தண்ணி போவும்னு போர்டுல எழுதிப் போட்டீங்க. உப்பு வெளியதான கீது? அப்போ தண்ணி உள்ளதான போவணும்?"

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். எதன் செறிவு என்று நான் கரும்பலகையில் எழுதவே இல்லை. மூன்று வருடமாக எழுதவில்லை.

அந்த அம்மாவிடம் புதுப் பிஞ்சுகள் வாங்கி, அங்கேயே நறுக்கச் சொல்லி, பாதித் துண்டுகளுக்கு மட்டும் உப்புத் தூவினேன். கொஞ்ச நேரத்தில் உப்பு போட்டவை வியர்க்க ஆரம்பித்தன. மற்றவை அப்படியே இருந்தன.

"வெள்ளரிக்காய் முழுக்கக் குட்டிக் குட்டிச் செல்கள். ஒவ்வொண்ணையும் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு. அது தண்ணியச் சுலபமா விடும், உப்ப லேசுல விடாது. மேல தூவுன உப்பு, நறுக்குன எடத்து ஈரத்துல கரைஞ்சு, கெட்டியான உப்புத்தண்ணி ஆவுது. அதுல உப்பு நெறைய, தண்ணியோட பங்கு கம்மி. செல்லுக்குள்ள உப்பும் சர்க்கரையும் கொஞ்சம்தான், தண்ணியோட பங்கு அதிகம். தண்ணி ரெண்டு பக்கமும் போய் வரும். ஆனா வெளிய போறது அதிகமா இருக்கும்" என்றேன்.

"அப்போ செறிவுன்னா தண்ணியோடது. உப்போடது இல்ல" என்றாள் அவள்.

"ஆமா. வாத்தியார் பாதி வாக்கியத்த முழுங்கிட்டான்."

அந்தத் துண்டை முழுங்கியதைவிட இதை ஒப்புக்கொள்வது சுலபமாக இருந்தது. உற்சாகத்தில், வாளியிலிருந்து ஒரு பிடி எடுத்து நல்ல தண்ணீரில் போட்டேன். திரும்ப மொறுமொறுப்பாகும் என்று அறிவித்தும்விட்டேன். அரைமணி நேரம் ஆயிற்று. கைக்குட்டை கைக்குட்டையாகவே மிதந்தது.

"செத்துப்போச்சு சார்" என்றார் விற்கிற அம்மா.

அறிவியலும் அதைத்தான் சொல்கிறது. உயிருள்ள செல் என்றால் தண்ணீர் திரும்ப உள்ளே போய் விறைத்துக்கொள்ளும். என் துண்டுகளோ காலையிலிருந்து கெட்டி உப்புத்தண்ணீரிலும் வெயிலிலும் கிடந்து சவ்வே சிதைந்தவை. தண்ணீரை உள்ளே பிடித்து வைக்க அங்கே எதுவும் இல்லை.

தலைமையாசிரியை அந்த மாணவியை அழைத்தார். "உப்பு தண்ணிய உறிஞ்சிடுச்சு. அவ்வளவுதானே?"

"உறிஞ்சல மேடம். தண்ணிதான் சவ்வு வழியா, அது நெறைய இருக்குற பக்கத்துலேர்ந்து கம்மியா இருக்குற பக்கத்துக்கு வந்துச்சு. உப்பு வெளிய காத்துகினு இருந்துச்சு, அவ்ளோதான்."

அவர் தலையாட்டினார். வாளியை மூன்று முறை கடல் தண்ணீரில் கழுவியும் வாடை போகவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு, பஸ்ஸில் ஏறும் முன் அவரிடம் தயங்கிக் கேட்டேன்.

"மேடம், அடுத்த வருஷம் டூர் உண்டா?"

"உண்டு, ஆனா நறுக்குறது நீங்க இல்ல."