கேட்காமல் விட்ட அடிக்கட்டை

"கடைசி வரியப் பாரு. அதுல இருக்கிறதுதான் உன் பணம்."

இதைச் சொன்னவள் நான்தான். இத்தனை வருஷமாகியும் என்மேல் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

எண்பதுகளில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில் எனக்கு அக்கவுண்ட்ஸ் வேலை. என் ரூமில் தங்கியிருந்தவள் அதே ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட், ஆலங்காயத்துப் பெண், என் வயசுதான். சம்பளம் பேங்கில் விழும். பாஸ்புக்கை நீட்டினால் கவுண்டரில் இருப்பவர் கோழி கிளறின எழுத்தில் எழுதித் தருவார். அன்றைக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று வந்திருந்தோம். எனக்கு ஏற்கெனவே தலைவலி.

"இன்னாடி இது, ஒண்ணும் புரியலையே," என்றாள்.

"இது எடுத்தது, இது போட்டது, இது மீதி. இதுல இன்னா பேஜாரு உனக்கு?" என்று கத்தினேன். மீதியில் தொள்ளாயிரத்து நாற்பது. பழைய கவர் ஒன்றைத் திருப்பி அதன் முதுகில் எழுதினேன். செக் புக் கணக்கில் நூறு ரூபாய் இருந்தே ஆகணும், அதைக் கழித்தால் எண்ணூற்று நாற்பது. வீட்டுக்கு முந்நூற்று ஐம்பது. மெஸ்ஸுக்கு நூற்று எழுபது. பஸ், சோப்பு, சில்லறைச் செலவு எண்பது.

"இருநூத்தி நாப்பது மிச்சம். உனக்கு ஒரு வாட்ச் வாங்கிக்க," என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

இருநூற்று முப்பதுக்கு வாங்கினாள். அவள் சம்பாத்தியத்தில் தனக்கென்று வாங்கின முதல் பொருள். நாள் முழுக்க மணி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ரெண்டு வாரம் கழித்து அவள் தம்பி படித்த பாலிடெக்னிக்கிலிருந்து கடிதம் வந்தது. போன மாசக் கடைசியில் பரீட்சை ஃபீஸுக்கு அவள் கொடுத்த இருநூற்று இருபத்தைந்து ரூபாய் செக், கணக்கில் பணம் இல்லை என்று திரும்பிவிட்டதாம். பணம் கட்டக் கடைசித் தேதியும் முடிந்துவிட்டது. ஹால் டிக்கெட் கிடையாது.

"அதெப்படி? செக்க எழுதிக் கொடுத்தப்பவே பணம் போயிருக்கும்ல?" என்று என்னைக் கேட்டாள். அங்கே யாராவது செக்கைப் பேங்கில் போட்டு, அது சுற்றி நம்ம பேங்குக்கு வந்தால்தான் பாஸ்புக்கில் கழியும். அதுவரை கடைசி வரியில் இருப்பதில் இன்னொருத்தர் பணமும் இருக்கும். ஆபீஸில் தினமும் இதைத்தான் செக்கைக் கிழித்த பிறகு புக்கில் நிற்கும் அடிக்கட்டையை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டுப் படுக்கணும், அவ்வளவுதான் என் அவசரம்.

முதலில் அவளைத்தான் திட்டினேன். "செக் கொடுத்திருக்கேன்னு சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா?"

செக் புக்கை எடுத்து என் முன்னால் வைத்தாள். அடிக்கட்டையில் தேதி, தம்பி பேர், தொகை, எல்லாம் டைப் அடித்த மாதிரி அழகாக எழுதி வைத்திருந்தாள்.

"நீ கேட்டிருந்தா காட்டியிருப்பேனே," என்றாள்.

தம்பி ஆறு மாசம் வீட்டில் உட்கார்ந்தான். அந்த ஆறு மாசமும் அவள் வாட்ச்சைக் கட்டவே இல்லை. ஆபீஸில் மணி என்னவென்று என்னைத்தான் கேட்பாள்.