மடியில் மூன்று பியூஸ்

அண்ணன் கடைசியாகப் பார்த்த வீடியோவில் தப்பு என்று ஒன்றும் இல்லை. பலமுறை பார்த்துவிட்டேன். ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது, விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம்? மூடியைக் கழற்று, உள்ளே தகடுகள் ஒட்டிப் பிரிகிற கான்டாக்டில் எறும்பு அடைந்திருக்கும், துடை, மூடியை மாட்டு. எல்லாம் சரி. தஞ்சாவூரில் ஐடிஐ மாணவர்களுக்கு எலக்ட்ரீஷியன் பாடம் நடத்துகிறவன் நான். என்னைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். தலைப்பு 'ரெண்டே நிமிஷம், ரொம்ப ஈஸி'. மெயின் சுவிட்சைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

எங்கள் பக்கம் பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். முறை முடிந்தால் மோட்டார் நின்றுவிடும். 'கரண்ட் போனதும் பாத்துக்கலாம்' என்பார்கள். போன பிறகு பெட்டியைத் திறப்பார்கள். ஆனால் மும்முனை போனாலும் லைனில் கரண்ட் முழுதாகப் போவதில்லை. கொட்டகையில் பல்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். மோட்டார் ஓடவில்லை, ஆகவே கரண்ட் இல்லை என்று முடிவு கட்டுவது இங்கே எல்லாரும் செய்கிற தவறு. அண்ணனும் அப்படித்தான் நினைத்துக் கையை வைத்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. காரியம் முடிந்து தஞ்சாவூர் வந்து வகுப்புக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். மரத்துப்போன காலைத் தரையில் ஊன்றுவதுபோல் இருந்தது எல்லாமே. கோபம் மட்டும் எப்போதாவது எட்டிப் பார்க்கும். அந்த வீடியோவின் கீழே 'சூப்பர் ப்ரோ, யூஸ்ஃபுல்' என்று யார் யாரோ எழுதியிருந்தார்கள்.

நானும் வீடியோ போட ஆரம்பித்தது அந்தக் கோபத்தில்தான். மிக்ஸி, மேசை விசிறி, அயர்ன் பாக்ஸ். முதலில் என்னென்ன கருவி வேண்டும் என்று மேசையில் பரப்பிக் காட்டுவேன். பிறகு எது ஆளைக் கொல்லும் என்று சொல்வேன். பிறகு வேலை எவ்வளவு கடினம்: 'சுலபம்', 'நிதானம் வேண்டும்', 'மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்'. பார்க்க ஆள் குறைவு. 'சார் ரொம்ப இழுக்கிறார்' என்று ஒருவர் எழுதினார். இழுக்கத்தான் செய்வேன், அவருக்கு என்ன அவசரமோ.

இந்த மூன்றில் எது என்று முடிவு செய்வது அண்ணி. வெளியிடுவதற்கு முன் அவருக்குத்தான் அனுப்புவேன். அவர் வீட்டில் செய்து பார்த்துவிட்டுப் பேசுவார். "மிக்ஸி ஜார் பிளேடு மாத்தறது சுலபம்னு போட்டிருக்கீங்க தம்பி. அது எந்தப் பக்கம் திருகணும்னே புரியாம அரை நாள் போச்சு. மாத்துங்க." மாற்றுவேன். அண்ணனைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. பிளேடைப் பற்றியும் வாஷரைப் பற்றியும் பேசினோம்.

ஸ்டார்ட்டர் வீடியோ மட்டும் நான் எடுக்கவில்லை. எடுத்தால் 'மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம் என்று இருந்தேன்.

குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம். ஆற்றில் தண்ணீர் இன்னும் வரவில்லை, பம்புசெட்டை நம்பித்தான் நாற்றங்கால். திருவையாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்த நிலத்தை இப்போது அண்ணிதான் பார்க்கிறார். காலையில் போன் செய்தார்.

"தம்பி, மோட்டார் நின்னு நின்னு போகுது. பச்சைய அமுக்கிட்டே இருந்தாதான் ஓடுது."

அண்ணன் காலத்துப் பழுதேதான். பெட்டியும் அதே பெட்டி. "மெக்கானிக்கக் கூப்பிடுங்க அண்ணி," என்றேன்.

"கூப்பிட்டாச்சு. எல்லார் வயல்லயும் இதே கதைதான், நாளன்னைக்குத்தான் வர முடியுமாம். நாத்து காயுது. நான் தொறந்து பாக்கப் போறேன். சொல்லிட்டுச் செய்யலாம்னுதான் போன் பண்ணேன்."

வேண்டாம் என்று கத்தினேன். பிறகு, பெட்டியைத் தொடாமல் காத்திருக்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வழியில் பயப்படக்கூடத் தோன்றவில்லை. அண்ணி காத்திருப்பாரா என்று மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு போனேன்.

காத்திருந்தார். வரப்பில் உட்கார்ந்திருந்தார். நான் டூல் பையைப் பிரித்ததும், "நீங்க செஞ்சா நான் எப்பக் கத்துக்கறது? நான் செய்யறேன், நீங்க படம் எடுங்க," என்றார்.

"இதுக்கு நான் மெக்கானிக்னுதான் போடுவேன் அண்ணி."

"போடுங்க. யாரு கேப்பா? நாத்து காயறப்ப எல்லாரும் தொறக்கத்தான் போறாங்க. உங்க அண்ணன் தொறக்கலையா?"

முதல் தடவையாக அண்ணனைப் பற்றிப் பேசினார். நான் போனைத் தாங்கியில் மாட்டினேன்.

காய்ந்த சாக்கு விரித்து அதன் மேல் ஒவ்வொன்றாக வைத்தோம்: டெஸ்டர், பிடியில் பிளாஸ்டிக் உறை உள்ள ஸ்க்ரூ டிரைவர், ஈரமில்லாத பெயின்ட் பிரஷ், டார்ச். தரை ஈரம், அதனால் நிற்பதற்குக் காய்ந்த பலகை. காலில் ரப்பர் செருப்பு. பக்கத்தில் கன்டன்சர் பெட்டி இருந்தால் இதோடு நிறுத்திவிடுங்கள், ஆஃப் செய்த பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னேன். இங்கே அது இல்லை.

பிறகு நான் சொல்லச் சொல்ல அண்ணி செய்தார். கரண்ட் வந்தால் மோட்டாரைத் தானாகக் கிளப்பும் ஆட்டோ சுவிட்சை நிறுத்தினார். மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இறக்கினார். அந்த மெயின் பெட்டியைத் திறந்து மூன்று பியூஸையும் ஒவ்வொன்றாக உருவினார். மெயினுக்கு மேலே வருகிற ஒயர்களில் இன்னும் கரண்ட் உண்டு, அங்கே கை போகக் கூடாது என்றேன். டெஸ்டரை, கொட்டகைப் பல்புக்குத் தனி லைனில் வருகிற பிளக்கில் வைத்தார். எரிந்தது. ஸ்டார்ட்டரின் மூடியைக் கழற்றி, கரண்ட் வருகிற மூன்று முனையிலும் வைத்தார். எரியவில்லை. திரும்பவும் பிளக்கில் வைத்தார். எரிந்தது. டெஸ்டர் நன்றாக இருக்கிறது, பெட்டியில்தான் கரண்ட் இல்லை.

"பியூஸ எங்க வைக்கறது?"

"உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணி. யாராவது வந்து தெரியாம மாட்டிரக் கூடாது."

புடவை மடியில் போட்டு முடிந்துகொண்டார். சற்று நேரம் மடியைப் பிடித்தபடியே நின்றார்.

"இவ்வளவுதானா தம்பி?"

"ஆமா அண்ணி."

"இந்த மூணக் கழட்டி மடியில போட்டிருந்தா போதுமா?"

"போதும்."

அவர் அழவில்லை. "சரி, அடுத்து என்ன சொல்லுங்க," என்றார்.

எறும்புகள்தான். பிரஷால் தட்டித் தட்டி எடுத்தார். மூடியை மாட்டி, பியூஸைச் செருகி, மெயினைத் தூக்கி, முறை வந்ததும் பச்சையை அமுக்கி விரலை எடுத்தார். மோட்டார் நிற்கவில்லை. நாற்றங்காலுக்குத் தண்ணீர் போனது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். சந்தோஷம் என்று எதுவும் எனக்குள் எழவில்லை. தண்ணீர் போகிறது என்று மட்டும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து வீடியோவை வெட்டி ஒட்டினேன். ஸ்டார்ட்டரைத் துடைப்பது எனக்குப் பத்து நிமிட வேலை. அண்ணிக்கு ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் என்றே போட்டேன். ஒயர், கம்பிச்சுருள் எதைத் தொடுவதானாலும் 'மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்'. எறும்பு தட்டுவது 'நிதானம் வேண்டும்'. மெயினை இறக்கிப் பியூஸ் உருவுகிற இடத்தில் மட்டும் எதையும் போட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். வழக்கம்போல் அண்ணிக்கு அனுப்பினேன்.

"பியூஸ் கழட்டற எடத்துல ஒண்ணும் போடலையே?" என்றார் போனில்.

"என்ன போடறதுன்னு தெரியல அண்ணி."

"சுலபம்னு போடுங்க," என்றார். "அதானே உண்மை."