ரசமட்டத்துக்கு வந்த கோணல் கட்டை

டைல்ஸ் பதிக்கிற அவருக்குத் தெரு வைத்த பெயர் ரசமட்டம். சோற்றுப் பொட்டலத்தை மறந்தாலும் மறப்பார், தரை மட்டம் பார்க்கிற, குமிழி ஓடும் அந்தக் கருவியை மறக்கமாட்டார். மேடு பள்ளம் கண்டால் மனிதருக்குக் காய்ச்சலே வந்துவிடும். அந்த வெறியில் சொந்த வீட்டுக் குளியலறையையும் குமிழி நட்டநடுவில் நிற்கும்படி பதித்துத் தொலைத்தார். தண்ணீர் வடிகால் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஊருக்கெல்லாம் தரை போடுகிற மேதாவி, தினமும் குளித்துவிட்டுத் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிவிட்டுத்தான் வெளியே வருவார்.

அதைச் சொல்லிச் சிரித்தவன் தம்பி. செல்போனில், மேலிருந்து விழும் கட்டைகளைச் சந்தில்லாமல் அடுக்கி வரிசை வரிசையாகக் கரைக்கும் ஆட்டத்தில் அண்ணனைத் தோற்கடித்த கையோடு, "வீட்டுல தண்ணி நிக்குது, போன்ல கட்டை நிக்குது" என்றான். அதோடு பேச்சு நின்றது. போன் அடித்தால் இவர் முதலில் தம்பி பெயர் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார். ஆனால் தானாகக் கூப்பிட ரோஷம் விடவில்லை.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "வாங்க, ஆளுக்கொரு போன்ல ஆடுவோம். யார் கட்டை முதல்ல மேல முட்டுதோ அவங்க தோத்தாங்க. நீங்க தோத்தா தம்பிக்கு நீங்களே போன் பண்ணணும்."

"ஜெயிச்சா?"

"இனிமே அந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்."

'பார்த்துவிடலாம்' என்று உட்கார்ந்தார். வலது ஓரத்தில் நெட்டைக் கட்டைக்கு மட்டும் ஒரு சந்து. மற்றதெல்லாம் பளிங்குத் தரை. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கே கண் நிறைந்தது. மனைவியின் போனை எட்டிப் பார்த்தார். நடுவில் ஒரு கட்டம் உயரத்துக்குப் படி துருத்திக்கொண்டிருந்தது.

"என்னடி வேலை இது, கூலியே தரமாட்டாங்க!"

அப்போதுதான் அந்தக் கோணல் கட்டை வந்தது, கீழே இரண்டு கட்டம், மேலே இரண்டு கட்டம், ஒன்று தள்ளி ஒட்டிய சனியன். படுக்கவைத்தால் ஒரு பக்கம் கீழே ஓட்டை, நிமிர்த்தினாலும் ஓட்டை. படி இருந்தால் அச்சாகப் பொருந்தியிருக்கும். இவர் தரையில்தான் படியே கிடையாதே! வேறு வழியில்லாமல் இறக்கினார். ஓட்டைக்குக் கூரை போட்டாயிற்று. அந்த வரிசை இனி நிறையாது; கூரையை முதலில் கரைத்தாக வேண்டும். அதற்குள் அடுத்த கோணல் வந்தது. பதற்றத்தில் அதையும் அதன் தலையிலேயே வைத்தார். ஓட்டைக்கு மேல் ஓட்டை. வேகமும் கூடிவிட, கட்டைகள் மளமளவென்று உச்சியில் முட்டின.

மனைவி தன் படியில் அதே மாதிரி கோணல் கட்டையைச் சாவகாசமாகச் செருகிக்கொண்டிருந்தாள். "ம்... போன் பண்ணுங்க."

தம்பி பெயரைத் தேடி அழுத்தினார். அவன் எடுத்ததும் அவசரத்தில் வாயில் வந்ததைக் கேட்டுவைத்தார்: "ஏன்டா, அந்தக் கோணல் கட்டை வந்தா நீ எங்கடா வைப்பே?"

எதிர்முனையில் ஒரு மூக்குறிஞ்சல். "எல்லாமே மட்டமா இருந்தா எங்கயும் வைக்க முடியாதுண்ணே. ஒரு படி விட்டு வைக்கணும்."

"சரி."

"சாயங்காலம் வரேன். அப்படியே குளியலறையையும் உடைச்சுச் சாய்வா போட்டுருவோம்."

"சிரிக்காம வர்றதா இருந்தா வா" என்றார் ரசமட்டம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.