உருளைக்கிழங்கு மேல் விழுந்த பழி

என் கணவருக்குப் பரவை மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு வியாபாரம். வீட்டு முன்னறையில் எப்போதும் ரெண்டு மூட்டை கிடக்கும். பிள்ளை பெற்றவள் எனக்கு மட்டும் அதில் ஒரு துண்டு கிடையாது. நான் கிழங்கு தின்றால் பால் வழியாகப் பிள்ளைக்கு வாயு இறங்கிவிடும் என்பது மாமியாரின் தீர்ப்பு. பருப்பும் வாயு. மோர் சளி. மிஞ்சியது பூண்டுக் குழம்பும் மிளகு ரசமும்தான். பசி என்றால் அப்படி ஒரு பசி.

மகளுக்கு ரெண்டு மாதம் ஆகப்போகிற நேரம். விளக்கை அணைத்ததும் அவள் கச்சேரி தொடங்கும். காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவக்க முக்கி, பிறகு வீறிட்டு அழுவாள். மாமியார் சேலைத் தூளியில் போட்டு வேகமாக ஆட்டுவார். குடித்த பால் தயிராகத் திரும்பி வரும். ஆட்டிய கை ஓய்ந்ததும் மறுபடி அழுகை. விடிந்தால் எனக்கு விசாரணை.

"நேத்து என்னத்த தின்ன?"

"நீங்க போட்டதத்தான் அத்தே தின்னேன்."

"அப்பறம் எப்புடி இதுக்கு வயிறு ஊதும்?"

தூக்கமில்லாத கண்ணோடு நான் தூளித் துணியை அலசப் போவேன்.

அந்த வாரம் பிள்ளை சில நாளாக வெளிக்கும் போகவில்லை. மாமியார் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து எடுத்து வந்தார், பின்பக்கம் விட்டால் உடனே போய்விடுமாம். நான் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"வேணாம் அத்தே, விடுங்க."

"சரி, விட்டுட்டேன். நாளைக்கு டாக்டரம்மாட்ட காட்டி டப்பாப் பால் எழுதி வாங்குறேன். ஒம் பாலு இதுக்கு ஒத்துக்கலத்தா."

அந்தச் சொல்தான் என்னை அறுத்தது. இம்புட்டு நாள் வயிற்றைக் கட்டி ஊட்டிய பால், அதுவும் குற்றமா? அன்று ராத்திரி பிள்ளையோடு சேர்ந்து நானும் அழுதேன்.

காலையில் டவுன் பஸ் பிடித்து சிம்மக்கல்லுக்குப் போனோம். டாக்டரம்மா வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தார், எடை போட்டார். பச்சையாக வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா, மலத்தில் ரத்தம் உண்டா, நன்றாகக் குடிக்கிறாளா, ஒன்றுக்குப் போகிறாளா என்று கேட்டார். கெட்டது எதுவும் இல்லை.

"தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ள இந்த வயசுல சில நாள் போகாம இருக்கும். எடை ஏறி, போறப்ப இளக்கமா போனா அது மலச்சிக்கல் இல்ல. காம்பு, சோப்பு எதையும் உள்ள விடாதீங்க, புண்ணாகிரும். ராத்திரி பால் குடிச்சதும் என்ன செய்வீங்க?"

நான் உள்ளதைச் சொன்னேன். குடித்தபடியே தூங்கிவிடுவாள். ஏப்பம் விட வைக்கிறேன் என்று அவளை எழுப்ப யாருக்குத் துணிச்சல்? சத்தமில்லாமல் அப்படியே தூளியில் போட்டுவிடுவோம்.

"அழுதுக்கிட்டே குடிக்கிறப்ப காத்தையும் சேத்து முழுங்கும். அது வெளிய வர நிமித்தி வைக்கணும்ல?" என்று சொல்லி, மடியில் நிமிர்த்தி வைப்பதையும் காலை மடக்கி வாயு இறக்குவதையும் செய்து காட்டினார்.

மாமியார் கடைசியாகக் கேட்டார், "அப்ப உருளக்கெழங்கு?"

"அவுக தாராளமா சாப்புடட்டும்."

அன்று ராத்திரி பால் குடித்து முடித்ததும் மாமியாரே பிள்ளையை வாங்கிக்கொண்டார். "அந்தம்மா சொன்னது பலிக்குதான்னு பாப்போம். பலிக்கலன்னா டப்பாதான்."

மடியில் உட்கார வைத்து, உள்ளங்கையை நெஞ்சில் கொடுத்து, தொண்டையில் படாமல் விரல்களால் தாடையைத் தாங்கி, கொஞ்சம் முன்னால் சாய்த்து முதுகைத் தடவினார். ஒன்றும் வரவில்லை. தோளில் சாய்த்துத் தட்டினார். அதற்கும் இல்லை. பிள்ளை முக்க ஆரம்பித்தது. மாமியார் அவளை மடியில் மல்லாத்தி, ரெண்டு காலையும் சைக்கிள் மிதிப்பதுபோல மாற்றி மாற்றி மெல்ல மடக்கி, முழங்காலை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தார்.

டர்ரென்று ஒரு சத்தம். பின்னாலேயே மஞ்சளாக, களி மாதிரி இளக்கமாக, மாமியார் சேலை முழுக்க.

துடைத்துத் தோளில் போட்டதும் பெரிய மனுசன் மாதிரி ஓர் ஏப்பம்.

"அடி கள்ளி! அம்புட்டையும் வயித்துல வச்சுக்கிட்டா எம் மருமகள ஏச வச்ச?"

அன்று தூளி வேண்டாம் என்று பாயில் மல்லாக்கப் போட்டோம், தூங்கினாள். அழுகை ஒரே ராத்திரியில் நின்றுவிடவில்லை. அதற்குப் பிறகும் பல நாள் மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம். டப்பாப் பால் பேச்சு மட்டும் மறுபடி எழவில்லை.

டாக்டரம்மாவைப் பார்த்த மறுநாள் மதியம் என் தட்டில் சோற்றை மறைத்து உருளைக்கிழங்குப் பொரியல். மாமியார் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"எம் மாமியாவும் இத எனக்குக் கண்ணுல காட்டலத்தா. நானும் பசியோடதான் ஒம் புருசனுக்குப் பால் குடுத்தேன்."

அவருக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தேன். பொரியலில் உப்பு கூடுதல். ஆனாலும் ரெண்டு பேரும் சட்டியை வழித்துத் தின்றோம்.