மஞ்சளில் நின்ற சொல்

"எழுத்து ஓட விடுறதுக்கா இம்புட்டு நேரம்?" ராஜபாளையத்தில் என் மாடி அறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. ஜவுளிக்கடைக்காரர் கேட்பார், பல் டாக்டர் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவேன்.

முன்பு கல்யாண ஆல்பம் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது செல்போனில் நெட்டுக்குத்தாகப் பார்க்கிற ஒரு நிமிட வீடியோக்கள்தான் சோறு போடுகின்றன. பேசுகிறவர் பேசப் பேச, அவர் சொல்கிற சொல் திரையில் மஞ்சளாக வேண்டும். அடுத்த சொல் வந்ததும் இது வெள்ளைக்குத் திரும்பி அது மஞ்சளாக வேண்டும். கம்ப்யூட்டர் தானாகக் கேட்டு எழுதும், எந்தச் சொல் எப்போது தொடங்குகிறது என்று குறித்தும் கொடுக்கும். ஆனால் நம் ஊர்ப் பேச்சு அதற்குப் பிடிபடாது. இரண்டு சொல்லை ஒன்றாக ஒட்டி எழுதிவிடும். நான் அதைப் பிரித்தால் இரண்டாவது சொல்லுக்கு நேரம் இருக்காது. பிறகு ஒலியின் மேடு பள்ளத்தைப் பார்த்துக் கையால்தான் வெட்ட வேண்டும். தமிழ்ச் சொற்களோ நீளம், ஒரு வரியில் இரண்டுக்கு மேல் அடங்காது. மஞ்சளாகிற சொல்லைக் கொஞ்சம் பெரிதாக்கினால் பக்கத்துச் சொல்லை இடித்துத் தள்ளி வரியே ஆடும். அதனால் நான் நிறத்தை மட்டும்தான் மாற்றுவேன். அதுவும் ஒலி வருவதற்கு ஒரு கண்ணிமைப்பு முன்னால் மாற்ற வேண்டும். சரியாக ஒலியோடு மாற்றினால் ஏனோ பிந்தியதுபோலத் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வளையல் கடை வைத்திருக்கிற பெண் ஒருத்தி என்னிடம் வாடிக்கை. புதுச் சரக்கு வந்ததும் அவளே பேசி எடுத்து அனுப்புவாள், நான் எழுத்துப் போட்டுக் கொடுப்பேன். சிரித்துச் சிரித்துப் பேசுவாள். ஒருநாள் காலையில் பஸ் பிடித்து நேரிலேயே வந்துவிட்டாள். முகத்தைப் பார்த்ததும் வளையல் விஷயம் இல்லை என்று தெரிந்தது.

"எங்க அத்தாவக் காணலக்கா."

அவளுடைய அப்பா அந்தக் காலத்தில் துணி மூட்டையோடு பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் விற்றவர். வத்திராயிருப்புப் பக்கம் அவருக்குத் தெரியாத தெரு கிடையாது. இப்போது மறதி. சாப்பிட்டதை மறந்துவிடுவார், மகளைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். ஆனால் பஸ் ஏறுவது மட்டும் மறக்கவில்லை. கடைக்கு வந்த ஆளை அவள் கவனித்த நேரத்தில் எழுந்து போனவர் திரும்பவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. தெரிந்த ஊருக்கெல்லாம் போன் போட்டாயிற்று.

முதலில் நான் சாதாரணமாகத்தான் செய்தேன். திரை முழுக்க அவர் படம், பின்னால் அவள் குரல், அடியில் சின்ன எழுத்து. வெள்ளைத் தாடி, இடது புருவத்தில் ஒரு வெட்டு, பச்சைக் கட்டம் போட்ட கைலி. முகம் தெளிவாக இருந்தது. அதைப் போட்டோம். சொந்தக்காரர்கள் பார்த்தார்கள், அவ்வளவுதான். வேறு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

"ஒங்க மத்த வீடியோல எழுத்து துள்ளுமே, அது மாதிரி போடுங்கக்கா. அதத்தான் எல்லாரும் நின்னு பாக்காக" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. பஸ்ஸிலும் ஆபீசிலும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஏதாவது அசைந்தால்தான் பெருவிரல் நிற்கும், இல்லாவிட்டால் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். காணாமல் போன கிழவராக இருந்தால் என்ன, கல்யாணப் பட்டாக இருந்தால் என்ன, விரலுக்கு எல்லாம் ஒன்றுதான்.

அவளை அறையிலேயே உட்கார வைத்துப் பேசச் சொல்லி எடுத்தேன். முதலில் அவள் முகம், பிறகு முழுத் திரைக்கும் அப்பாவின் படம். எழுத்தைத் திரையின் பாதிக்குச் சற்றுக் கீழே வைத்தேன். அடியில் வைக்க முடியாது, அங்கே கணக்கின் பெயரும் குறிப்பும் வந்து மறைக்கும். வலது ஓரத்தில் இதயக் குறியும் பகிர்கிற குறியும் நிற்கும். ஆக மிச்சம் இருந்த இடம் அதுதான், அவருடைய சட்டையின் மேல் பொத்தானுக்குக் கீழே. கம்ப்யூட்டர் அத்தாவை எல்லாம் ஆத்தா என்று எழுதி வைத்திருந்தது, ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

நடுவில் ஓரிடத்தில் "அத்தா" என்று சொல்லிவிட்டு அவளுக்கு அடுத்த சொல் வரவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு அப்படியே இருந்தாள். அந்த மௌனத்தில் எழுத்தை என்ன செய்வது? சொல் முடிந்ததும் மஞ்சளை அணைத்துவிடலாம். இல்லை, அடுத்த சொல் வரும்வரை விட்டுவைக்கலாம். அணைத்துப் பார்த்தேன், ஏதோ பழுதானதுபோல இருந்தது. விட்டுவைத்தேன். அவள் மூச்சை இழுத்துப் பேச ஆரம்பிக்கும்வரை "அத்தா" மஞ்சளிலேயே நின்றது.

வீடியோ பரவியது. பரவியது என்றால் சாதாரணமாக இல்லை, காட்டுத்தீதான். மதுரையிலிருந்து, கோயம்புத்தூரிலிருந்து, துபாயிலிருந்தெல்லாம் பார்த்தார்கள். அவள் சந்தோஷமாகப் போன் பண்ணினாள். "இனி கெடச்சிருவாகக்கா." நானும் நம்பினேன்.

கீழே வந்த கருத்துகளை நான்தான் உட்கார்ந்து படித்தேன், யாராவது அவரைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்களா என்று. "எந்த ஃபாண்ட் ப்ரோ?" என்று ஒருவர். "டெம்ப்ளேட் லிங்க் ப்ளீஸ்" என்று ஒருவர். "அழுற எடத்துல எழுத்து நிக்குது பாருங்க, செம எடிட்டிங்" என்று ஒருவர், அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். "அல்லா துணையிருப்பான்", "சீக்கிரம் கிடைக்க முருகனை வேண்டுகிறேன்" என்றும் இருந்தன, பொய் சொல்லக்கூடாது. ஆனால் பார்த்தேன் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. ஃபாண்ட் கேட்டவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பதில் எழுதினேன், பிறகு அழித்துவிட்டேன். அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

அதற்கப்புறம் ஒரு மத்தியானம் மினிபஸ் கண்டக்டர் ஒருவர் மாடி ஏறி வந்தார். மகளுக்குப் பிறந்தநாள் வருகிறதாம்.

"யக்கா, அந்தக் காணாமப் போன பெரியவரு வீடியோ நீங்க பண்ணதுதான? அதே மாதிரி மஞ்ச எழுத்து ஓடணும் எம் மகளுக்கு. நா அத எம்புட்டு தடவ பாத்திருப்பேன் தெரியுமா? 'அத்தா'ன்னு நிக்கும்லா, அந்த எடத்துல அழுதுட்டேன்."

அப்போது நான் அந்தப் பெரியவரின் படத்தை மட்டும் தனியாக அச்சுக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒட்டுவதற்கு. எழுத்தே இல்லாமல் முகம் மட்டும் கம்ப்யூட்டரில் பெரிதாக இருந்தது. கண்டக்டர் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்.

"இவியளா?"

"ஆமா. ஏன்?"

"இவிய நம்ம வண்டியில வந்தாகளே."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "எப்போ? வீடியோ வாரதுக்கு முந்தியா?"

"இல்லக்கா, பொறவுதான். கூமாப்பட்டின்னு சொல்லி ஏறுனாக. புருவத்துல வெட்டு, இந்தா, இதேதான். முன் சீட்டுல உக்காந்திருந்தாக. நா பின்னால நின்னு..." அவர் முடிக்கவில்லை. படத்திலிருந்து கண்ணை எடுத்தார். "அன்னைக்கும் வண்டியில நின்னு அந்த வீடியோவத்தான் பாத்துட்டு வந்தேன்."

அவரைப் பார்த்துக் கத்திவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் என்ன சொல்லிக் கத்துவது? ஓடுகிற எழுத்தின் பின்னால் கண் ஓடும். ஓட வேண்டும் என்றுதான் செய்கிறேன். எழுத்துக்கு நான்கு விரல் மேலே அந்த முகம் சும்மா இருந்தது. அசையாத முகத்தை யார் பார்ப்பார்கள்? முகத்தைத் தெளிவாகக் காட்டியபோது ஒருவரும் பார்க்கவில்லை, எல்லோரும் பார்த்தபோது முகத்தைக் காணவில்லை. இதில் எதை நான் மாற்றிச் செய்திருக்க முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அறையைப் பூட்டிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அவளைக் கூட்டிக்கொண்டு, வத்திராயிருப்பை ஒட்டிய கூமாப்பட்டிக்குப் போனேன். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அச்சடித்த படத்தைக் காட்டிக் கேட்டோம். டீக்கடைக்காரருக்கு நினைவிருந்தது. "துணி வேணுமான்னு கேட்டாக. கையில துணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. செத்த நேரம் உக்காந்திருந்துட்டு அங்கிட்டு எந்திரிச்சுப் போனாக" என்று மலைப் பக்கம் கையைக் காட்டினார். அந்தப் பக்கம் போனோம். மாந்தோப்பு, தென்னந்தோப்பு, அப்புறம் மலை. தோப்புக் காவல்காரர் பார்க்கவில்லை. ஆடு மேய்த்த பெண் பார்த்தாளாம், ஆனால் தாடி இல்லாத ஆளாம். அதற்குமேல் யாரிடம் கேட்பது? மலையிடமா கேட்க முடியும்?

ஊர்க்காரர்கள் நாலு பேர் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். போலீசுக்கும் போன் பண்ணிச் சொன்னோம். "பாக்கோம்மா" என்றார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் வெயில் சாய்ந்து ஜன்னல் வழியாக மடியில் விழுந்தது. அவள் போனை எடுத்து வீடியோவைப் போட்டாள், சத்தம் இல்லாமல். அவள் முகம் போய் அவர் படம் வந்தது. மஞ்சள் ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குத் தாவிக்கொண்டே இருந்தது.

"அக்கா, ஒண்ணு சொன்னா வையமாட்டீங்கள்ல?"

"சொல்லு."

"கண்டக்டர நா மனசுக்குள்ள அம்புட்டு திட்டுனேன். ஆனா நானும் இந்த எழுத்தத்தான் வாசிக்கேன். ஒவ்வொரு தடவையும் அதுதான் கண்ண இழுக்கு. போட்ட நாள்லேந்து இதுல அத்தா மொகத்த நா பாக்கவே இல்லக்கா."

நான் அவள் கையிலிருந்து போனை வாங்கி, எழுத்து ஓடுகிற இடத்தில் பெருவிரலை அழுத்தி வைத்தேன். விரல் பட்டதும் வீடியோ நின்றது. மஞ்சள் விரலுக்கு அடியில் மறைந்து, அந்த முகம் மட்டும் விரலுக்கு மேலே இருந்தது. வெள்ளைத் தாடி, புருவத்து வெட்டு. அவள் குனிந்து பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். விரலை எடுத்தால் எழுத்து மறுபடி ஓட ஆரம்பித்துவிடும், அதனால் எடுக்காமல் வைத்திருந்தேன்.