மறுப்புக் கடிதத்துக்கு வந்த நன்றி

வேலூரில் ஒரு சிறிய வீடியோ நிறுவனத்துக்கு விளம்பர வசனம் எழுதுவது என் பிழைப்பு. வீட்டில் ஏழு அலமாரி புத்தகங்கள் இருக்கின்றன. அத்தனையும் படித்துவிட்டு நான் எழுதுவது, 'இன்றே வாருங்கள், முந்துங்கள்'. இதற்கும் ஒருவர் படித்திருக்க வேண்டும் என்று என் மனைவி ஆறுதல் சொல்வாள்.

எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஆம்பூரில் ஷூ தொழிற்சாலை வைத்திருக்கும் ஒரு பாய். வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்ததும், உள்ளூரில் விற்க சர்க்கரை நோயாளிகளுக்கான செருப்பு ஒன்றைச் செய்திருந்தார். மெத்தென்ற ரப்பர் அடித்தளம், உறுத்தாத தோல் வார், பின்னால் ஒரு பட்டை. எனக்கும் சர்க்கரை உண்டு என்பதால் ஒரு ஜோடி இலவசமாகக் கிடைத்தது. நல்ல செருப்பு. அதைச் சொல்வதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் பாய் சொல்லச் சொன்னது வேறு.

"மூணே வாரத்துல கால் எரிச்சல் போய்டும், புண்ணு ஆறிடும், நூறு பர்சன்ட் கேரண்டின்னு போடுங்க சார். முகம் தெரியற மாதிரி நாலு பேர் பேசணும். போட்டா பத்திக்கும்."

இதைப் போட முடியாது. சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே தடுக்க ஒரு பழைய சட்டம் இருக்கிறது. நுகர்வோர் சட்டப்படி, பொய்யான விளம்பரத்துக்குப் பொருளை விற்பவர் மட்டுமல்ல, அதைச் செய்துகொடுத்த எங்களைப் போன்றவர்களும் பதில் சொல்ல வேண்டும். இவை போகட்டும். காலில் உணர்ச்சி மரத்துப்போன ஒருவர், செருப்பு ஆற்றிவிடும் என்று நம்பி, புண்ணைக் கட்டுப் போட்டு மூடிக்கொண்டு மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் சர்க்கரை டாக்டர் படம் போட்டே காட்டியிருக்கிறார்.

எங்கள் நிறுவனத்தை நடத்தும் பெண் என்னைவிடப் பத்து வயது இளையவர். "அண்ணா, நீங்களே ஒரு லெட்டர் போட்ருங்க. பாய் மனசு நோகக் கூடாது. அவர் போய்ட்டா இங்க ஒருத்தர் ஜாஸ்தி" என்றார். அந்த ஒருத்தர் கேமராக்காரர் அல்ல என்பது எனக்குப் புரிந்தது. கேமராவைத் தூக்கத் தெரிந்தவரை யாரும் அனுப்புவதில்லை.

மனசு நோகாமல் எழுதினேன். 'தங்கள் மேலான ஆலோசனையைப் பெரிதும் மதிக்கிறோம்' என்று தொடங்கி, அவர் தொழிலின் பெருமையை ஒரு பத்தி பாராட்டி, 'சில சொற்களை மறுபரிசீலனை செய்தால் நலமாயிருக்குமோ என்று தாழ்மையுடன் கருதுகிறோம்' என்று முடித்தேன். முடியாது என்ற சொல் கடிதத்தில் எங்கும் இல்லை. அதுவே என் சாதனை என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பாய் போன் செய்தார்.

"சார், லெட்டர் பாத்தேன். மாஷா அல்லாஹ், இன்னா தமிழ் சார்! வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். ரொம்ப தேங்க்ஸ். ஷூட்டிங் எப்ப வெச்சுக்கலாம்?"

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அண்ணா, நீங்க முடியாதுன்னு எழுதினீங்களா, கல்யாணத்துக்கு அழைச்சீங்களா?"

இரண்டாவது கடிதத்தில் பாராட்டுப் பத்தியை எடுத்துவிட்டேன். அது எனக்கு வலித்தது. இப்படி எழுதினேன்:

'புண் ஆறும், எரிச்சல் போகும், நூறு சதவீத உத்தரவாதம் ஆகிய வாக்கியங்களை எங்களால் படமாக்க முடியாது. கீழே சின்ன எழுத்தில் ஆளுக்கு ஆள் மாறுபடும் என்று போட்டாலும், மேலே சொன்ன பொய் மெய்யாகாது. பதிலாக இவற்றைச் சொல்லலாம்: பாதத்தின் அழுத்தம் ஒரே இடத்தில் சேராமல் பரவ உதவும்படி வடிவமைத்தது. உள்பக்கம் உறுத்தும் தையல் இல்லை. இது சிகிச்சை அல்ல. காலில் புண்ணோ மதமதப்போ இருந்தால் டாக்டரைப் பாருங்கள். அழுத்தம் பரவுவது பற்றிய பரிசோதனை அறிக்கை இருந்தால் அனுப்புங்கள்; இல்லாவிட்டால் அந்த வரியையும் எடுத்துவிடுவோம். அணிந்தவர்கள் பேசலாம். தங்களுக்கு எப்படி இருந்தது என்பதை மட்டும் பேசட்டும். நாங்கள் எழுதிக் கொடுக்க மாட்டோம்.'

இந்த முறை நன்றி வரவில்லை. "நேர்ல வாங்க" என்று ஒரு வரி வந்தது.

ஆம்பூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் எனக்குக் களைப்பாக இருந்தது. ஐம்பது தாண்டியவன் வேலையை இழக்கப் போகும்போது குறைந்தபட்சம் ஜன்னல் ஓரமாவது கொடுத்திருக்கலாம்.

பாய் டீ சொன்னார். என் கடிதத்தை மேஜையில் விரித்து வைத்திருந்தார்.

"சார், எல்லாரும்தான் கேரண்டின்னு போடறான். நான் மட்டும் டாக்டரைப் பாருன்னு சொல்லணுமா? நான் செருப்பு விக்கறனா, ஆஸ்பத்திரிக்கு ஆள் சேக்கறனா? பேஜார் பண்ணாதீங்க."

"பாய், செருப்பு நல்லா இருக்கு. நானே போட்டிருக்கேன். எனக்குப் புண் வராதுன்னு நீங்க எழுதிக் கையெழுத்து போட்டுத் தருவீங்களா?"

"உங்களுக்கு எதுக்கு சார், நீங்க நம்ம ஆளு" என்று சிரித்தார். கையெழுத்துப் பேச்சை எடுக்கவில்லை.

அப்போது ஷூ தைக்கும் கூடத்திலிருந்து பாய்க்கு அழைப்பு வந்தது; நானும் பின்னால் போனேன். வெளிநாட்டுக் கம்பெனியின் சார்பில் சரக்கைப் பரிசோதிக்க வந்திருந்த ஒரு பெண், ஒரு கையில் சீல் சாம்பிளையும் மறு கையில் தயாரான ஷூவையும் பிடித்துக்கொண்டு நின்றார். ஆர்டர் தொடங்கும் முன் வாங்குபவர் ஒரு ஜோடியை ஒப்புக்கொண்டு, கையெழுத்திட்டு முத்திரை வைத்துக் கொடுப்பார். அதுதான் சீல் சாம்பிள். அப்புறம் வரும் ஒவ்வொரு ஜோடியும் அதுபோலவே இருக்க வேண்டும்.

"சாம்பிள்ல இந்த மடிப்பு இல்ல சார்" என்றார் அந்தப் பெண்.

"தோல்மா இது. ரெண்டு ஆடு ஒரே மாதிரி பொறக்குமா?"

"அதை சாம்பிள் சீல் பண்றப்ப சொல்லிருக்கணும் சார்."

பாய் வாதாடினார், கெஞ்சினார், தோலின் இயல்பைப் பற்றி ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினார். அந்தப் பெண் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, ஷூவை ஒதுக்கிவைக்கும் பெட்டியில் போட்டார். அடுத்த ஷூவை எடுத்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. மரியாதையாக முடியாது என்று சொல்ல அவருக்கு ஒரு பத்திகூடத் தேவைப்படவில்லை.

திரும்பி வந்த பாய் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்குச் சொல்லத் தோன்றியது. இதற்குமேல் என்ன இழக்க இருக்கிறது என்ற தைரியம்தான்.

"பாய், வீடியோல நீங்க சொல்ற வார்த்தையும் சீல் சாம்பிள்தான். வாங்கறவன் ஒவ்வொருத்தனும் அந்த வீடியோவை ஒரு கையில, தன் காலை இன்னொரு கையில புடிச்சிக்கிட்டு வருவான்."

பாய் கண்ணைத் திறந்தார். பிறகு கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனா எடுத்து, 'உதவும்படி வடிவமைத்தது' என்ற வரியைச் சுற்றி வட்டம் போட்டார்.

"ரிப்போர்ட் லேப்ல இருக்கு, அனுப்பறேன். டாக்டர் லைனைக் கடைசியில போடுங்க. வேகமா சொல்லி முடிச்சிடுங்க."

"வேகமா சொன்னா புரியாது பாய். நிதானமாத்தான் சொல்லணும்."

"நிதானமா சொல்லித் தொலைங்க" என்றார். டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

வீடியோ வெளிவந்தது. என் வேலையும் தப்பித்தது. செருப்பு விற்கிறது, தீப்பிடித்தாற்போல அல்ல. கடைக்காரர்கள் மறுபடி கேட்கிற அளவுக்கு. பாய்க்கு அது போதவில்லை. பேரணாம்பட்டில் யாரோ ஒருவர் ஏறக்குறைய இதே மாதிரி செருப்பைச் செய்து, பத்தே நாளில் குணம், கேரண்டி என்று ஒரு வீடியோ விட்டிருக்கிறார். எங்களுடையதைவிடப் பல மடங்கு பேர் பார்த்திருக்கிறார்கள். பாய் அதைத் தினமும் காலையில் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஒரு வார்த்தை எழுதுவதில்லை. நானும் ஒன்றும் எழுதாமல் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு, பாய் கொடுத்த செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போகிறேன்.